ஒரே 200 கடனைப் பார்த்து வளர்ந்த 500 மரமும் ஒரே தப்பைத்தானே செய்யும்?

புதுவேர் · ஜூன் 4, காலை 9:20

சிறுகடன் விண்ணப்பங்களைப் பார்த்துக் கொடுக்கலாமா வேண்டாமா என்று சொல்ல, ஆம்-இல்லை கேள்விகளால் கடன்களைப் பிரித்துக்கொண்டே போகும் ஒரு முடிவு மரம் வைத்திருக்கிறோம். கையில் இருப்பது முடிந்துபோன 200 கடன். 160 பேர் ஒழுங்காகக் கட்டியவர்கள், 40 பேர் தவறியவர்கள். மரத்தை நுனிவரை வளரவிட்டால் இந்த 200-லும் ஒரு தப்புகூட இல்லை. அதற்குப் பிறகு வந்த கடன்களில் போட்டுப் பார்த்தால் தடுமாறுகிறது.

ரேண்டம் ஃபாரஸ்ட் போடு, 500 மரம் ஓட்டுப் போடும், சரியாகிவிடும் என்கிறார்கள். இங்கேதான் இடிக்கிறது. அதே 200 கடனைப் பார்த்து வளர்ந்த 500 மரமும் அதே தப்பைத்தானே செய்யும்? ஒரே ஆளை 500 தடவை கேட்டால் பதில் மாறிவிடுமா?

மூன்றாம்கிளை · ஜூன் 4, காலை 10:05

மாறும். முதல் மரம் எங்கே தப்பு செய்ததோ அந்தக் கடன்களுக்கு இரண்டாவது மரம் கூடுதல் கவனம் கொடுக்கும். அது விட்டதை மூன்றாவது பிடிக்கும். இப்படி 500 வரை போகும்போது தப்பு தேய்ந்துகொண்டே வரும்.

இலைநுனி · ஜூன் 4, காலை 11:40

மூன்றாம்கிளை சொன்னது பூஸ்டிங். அங்கே மரங்கள் வரிசையாக, ஒன்றன் தவறைப் பார்த்து அடுத்தது வளரும். ரேண்டம் ஃபாரஸ்டில் ஒரு மரத்துக்கு இன்னொரு மரம் இருப்பதே தெரியாது. 500-ஐயும் ஒரே நேரத்தில் தனித்தனியாக வளர்க்கலாம்.

புதுவேர் கேட்டது சரியான கேள்வி. எல்லா மரமும் அதே 200-ஐ அப்படியே பார்த்தால் 500-ம் ஏறக்குறைய ஒரே மரம்தான், பயன் இல்லை. அதனால் மரங்களை வேண்டுமென்றே வேறுபடுத்துகிறார்கள். எப்படி என்று சொல்வதற்கு முன், ஒரு மரம் முதல் கேள்வியை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்று பார்த்துவிடலாம். உங்களிடம் என்னென்ன விவரம் இருக்கிறது?

புதுவேர் · ஜூன் 4, பகல் 12:15

ஒன்பது விவரம். மாத வருமானத்தில் தவணைக்குப் போகும் பங்கு, முன்பு எங்காவது தவணை தாமதித்திருக்கிறாரா, இப்போதைய வேலையில் எத்தனை மாதம், கடன் காலம், கேட்ட தொகை, வேறு கடன்கள் எத்தனை, வயது, கணக்கில் சராசரி இருப்பு, நினைவூட்டல் அழைப்புகளின் எண்ணிக்கை.

மரத்தின் உச்சியில் வந்த கேள்வி: தவணைப் பங்கு 40 சதவீதத்துக்கு மேலா? ஆம் என்ற பக்கம் 50 கடன், அதில் 25 தவறியவை. இல்லை என்ற பக்கம் 150, அதில் 15. அடுத்த போட்டியாளர் பழைய தாமதம். தாமதித்தவர் 40, அதில் 20 தவறியவை. தாமதிக்காதவர் 160, அதிலும் 20.

(திருத்தம்: உச்சியில் வந்தது நினைவூட்டல் அழைப்பு. அதை எடுத்துவிட்டு வளர்த்தபோது வந்த கணக்கு மேலே உள்ளது. எங்கள் கடன் அதிகாரி அதை எடுக்கச் சொன்னார். ஏன் என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.)

இலைநுனி · ஜூன் 4, மாலை 6:30

அழைப்பு விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். உங்கள் அதிகாரி கெட்டிக்காரர்.

முதலில் இந்த இரண்டு கேள்விக்கும் ஜினி கணக்கு. ஒரு கூட்டத்தில் கண்ணை மூடி இரண்டு பேரை எடுத்தால் ஒருவர் கட்டியவராகவும் மற்றவர் தவறியவராகவும் இருக்கும் வாய்ப்பு என்று அதை நினைத்துக்கொள்ளலாம். கூட்டம் எவ்வளவு கலந்திருக்கிறதோ அவ்வளவு பெரிய எண். பிரிப்பதற்கு முன் 200-லும் 1 − 0.8² − 0.2² = 0.32.

தவணைப் பங்கால் பிரித்தால், ஆம் பக்கம் பாதிக்குப் பாதி, 0.50. இல்லை பக்கம் பத்தில் ஒருவர் தவறியவர், 0.18. ஆட்களின் எண்ணிக்கைப்படி சராசரி எடுத்தால் 0.25 × 0.50 + 0.75 × 0.18 = 0.26.

பழைய தாமதத்தால் பிரித்தால், ஆம் பக்கம் 0.50, இல்லை பக்கம் 0.219. சராசரி 0.2 × 0.50 + 0.8 × 0.219 = 0.275.

0.26 சிறியது, தவணைப் பங்கு ஜெயித்தது. ஆனால் எவ்வளவு நூலிழையில் ஜெயித்தது என்று கவனியுங்கள். உச்சியில் எடுத்த இந்த முடிவுதான் அதற்குக் கீழே உள்ள எல்லாக் கேள்விகளையும் தீர்மானிக்கிறது. ஒரு மரம் மேலே எடுத்த முடிவை ஒருபோதும் திரும்பிப் பார்க்காது.

வரவுசெலவு · ஜூன் 4, இரவு 8:10

புதுவேரின் மரம் தடுமாற அது ஒன்று மட்டும் காரணம் இல்லை. நுனிவரை வளரவிட்டார் அல்லவா, அதுவும்தான். கீழே போகப்போக ஒவ்வொரு இலையிலும் ஒரு கடன், இரண்டு கடன்தான் மிஞ்சும். "பங்கு 31-க்கும் 32-க்கும் இடையே, வேலையில் 14 மாதத்துக்குக் கீழ், வயது 29-க்கு மேல்" என்று ஒரு இலை இருக்கும். அதில் ஒரே ஒருவர், அவர் தவறியவர். அடுத்து அந்தச் சந்துக்குள் யார் வந்தாலும் தவறுவார் என்று நூறு சதவீத நம்பிக்கையோடு சொல்லும். ஒருவரின் கெட்ட நேரத்தை அது விதியாக எழுதி வைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

இதற்கு 500 மரம் எதற்கு? மூன்று மட்டத்தோடு வெட்டுங்கள், ஓர் இலையில் குறைந்தது 15 கடன் இருக்கட்டும். கடன் அதிகாரி ஒரு தாளில் வரைந்து மேசையில் ஒட்டிக்கொள்ளலாம். விண்ணப்பதாரருக்கும் காரணம் சொல்லலாம்.

இலைநுனி · ஜூன் 5, காலை 7:50

வெட்டுவது நல்ல யோசனைதான். ஆனால் வெட்டிய மரத்திலும் உச்சிக் கேள்வி அதே நூலிழையில்தான் நிற்கிறது.

காட்டில் ஒவ்வொரு மரத்துக்கும் 200 கடனிலிருந்து 200 சீட்டு எடுக்கிறோம், எடுத்ததைத் திரும்பப் போட்டுவிட்டு. அதனால் சில கடன்கள் இரண்டு மூன்று தடவை வரும், சில வரவே வராது. சராசரியாக 127 வெவ்வேறு கடன்கள் உள்ளே வரும், சுமார் 73 வெளியே நிற்கும். ஒரு மரத்துக்கு விழுந்த சீட்டுகள் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் தவறியவை அதே 40. பங்கு 40-க்கு மேல் 48 பேர், அதில் 21 தவறியவை. பழைய தாமதம் உள்ளவர் 42, அதில் 22 தவறியவை. சீட்டில் இந்த அளவு ஏற்ற இறக்கம் சாதாரணம்.

இப்போது தவணைப் பங்கின் சராசரி ஜினி 0.284. பழைய தாமதத்துக்கு 0.264. உச்சிக் கேள்வி மாறிவிட்டது! அதற்குக் கீழே மொத்த மரமும் வேறு. உங்கள் "ஒரே ஆள்" இப்போது வேறு ஆள்.

புதுவேர் · ஜூன் 5, காலை 9:00

இப்போது புரிகிறது. மரம் இவ்வளவு சஞ்சலப்படுவது குறை என்றுதான் நினைத்திருந்தேன். காடு அந்தச் சஞ்சலத்தையே பயன்படுத்துகிறது. ஆனால் 500-ல் பெரும்பாலானவை இன்னும் தவணைப் பங்கிலோ பழைய தாமதத்திலோதானே தொடங்கும்?

இலைநுனி · ஜூன் 5, காலை 9:35

தொடங்கும். அதனால்தான் சீட்டு மட்டும் போதாது. லியோ பிரைமன் 1996-ல் சீட்டெடுத்துச் சராசரி போடும் முறையைத் தந்தார். 2001-ல் ரேண்டம் ஃபாரஸ்டாக அதை முழுமையாக்கியபோது, ஒவ்வொரு கிளைப்பிரிவிலும் எல்லா விவரத்தையும் காட்டாமல் சிலவற்றை மட்டும் குலுக்கி எடுத்துக் காட்டுவதும் சேர்ந்துகொண்டது. ஒன்பது விவரம் இருந்தால் வழக்கமாக மூன்று. மூன்றில் இரண்டு பங்கு கிளைப்பிரிவுகளில் தவணைப் பங்கு மேடைக்கே வராது. அங்கே வேலைக்காலமும் கணக்கு இருப்பும் பேச இடம் கிடைக்கும்.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரே ஒரு சூத்திரம். ஒரு மரத்தின் பதில் ஆடும் அளவை 1 என்று வையுங்கள். இரண்டு மரங்களுக்கு இடையேயான ஒட்டுறவு ρ, மரங்கள் B.

```
ρ + (1 − ρ) / B
```

ρ = 0.5 என்றால் 10 மரத்தில் ஆட்டம் 0.55. 100 மரத்தில் 0.505. 500-ல் 0.501. எத்தனை நட்டாலும் 0.5-க்குக் கீழே போகாது. ρ-ஐ 0.2-க்கு இறக்கினால் 100 மரத்திலேயே 0.208. மரத்தைக் கூட்டுவதைவிட ஒட்டுறவைக் குறைப்பதுதான் வேலை செய்கிறது. உங்கள் முதல் கேள்வியின் பாதி பதில் இந்த ρ-தான்: மரங்கள் ஆளுக்கு ஒரு விதமாகச் செய்யும் தப்பு சராசரியில் கரையும், எல்லா மரமும் சேர்ந்து செய்யும் தப்பு கரையாது.

கடைசிவரிசை · ஜூன் 5, பகல் 1:20

இடையில் வருகிறேன். என் விண்ணப்பத்தை ஒரு நிறுவனம் இப்படி ஒரு காட்டை வைத்துத் திருப்பிவிட்டது. எந்த மரம் என்னை வேண்டாம் என்றது என்று கேட்டு வாங்க முடியுமா? அந்த மரத்தில் என்ன தப்பு என்று பார்த்தால் போதும்.

வரவுசெலவு · ஜூன் 5, பகல் 2:45

இதைத்தான் சொன்னேன். ஒரு மரம் என்றால் உச்சியிலிருந்து இலைவரை மூன்று வரியில் காரணம் வந்துவிடும். காட்டில் உங்களை எந்த ஒரு மரமும் நிராகரிக்கவில்லை. 500 இலைகளின் சராசரி ஓர் எல்லையைத் தாண்டியது, அவ்வளவுதான். தனித்தனியாகப் பார்த்தால் பல மரங்கள் உங்களுக்குக் கொடுக்கலாம் என்றுகூடச் சொல்லியிருக்கும்.

இலைநுனி · ஜூன் 5, மாலை 5:10

ஒரு சின்னத் திருத்தம், நானும் இதுவரை ஓட்டு என்ற சொல்லை விட்டுவைத்தேன். பிரைமன் எழுதியது ஓட்டுதான். நாம் பயன்படுத்தும் scikit-learn என்ற பைத்தான் நூலகம் செய்வது வரவுசெலவு சொன்ன சராசரி. ஒவ்வொரு இலையிலும் தவறியவர்களின் பங்கை எடுத்துச் சராசரி போடுகிறது.

கடைசிவரிசை, மரத்தைக் கேட்பதைவிட இப்படிக் கேளுங்கள்: "என் விவரங்களில் எதை மாற்றினால் முடிவு மாறும்?" அதைக் காட்டில் போட்டுப் பார்க்க முடியும். ஓர் எடுத்துக்காட்டு. ஒருவரின் தவணைப் பங்கு 44 சதவீதம், காலம் 12 மாதம், காடு சொன்ன தவறும் வாய்ப்பு 0.19. காலத்தை 18 மாதமாக்கினால் வட்டியோடு சேர்த்துப் பங்கு சுமார் 31-க்கு இறங்குகிறது. மற்றவற்றைத் தொடாமல் மீண்டும் ஓட்டினால் 0.10. அவரிடம் சொல்லத்தக்க காரணம் அது.

புதுவேர் · ஜூன் 5, மாலை 6:00

காலத்தை நீட்டியதும் அந்த மனிதர் நிஜமாகவே பாதுகாப்பானவராகிவிட்டாரா?

இலைநுனி · ஜூன் 5, மாலை 6:25

அதை மரம் சொல்லாது. பங்கு 31-ல் இருந்த பழைய ஆட்கள் நன்றாகக் கட்டினார்கள் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அவர்கள் தொடக்கத்திலேயே குறைவாகக் கேட்ட ஆட்களாக இருக்கலாம். இவர் அப்படி ஆகிவிட்டாரா என்பது திறந்த கேள்வி. எண்ணைக் காரணம் என்று நீட்டும்போது இந்த இடத்தில் கை நடுங்க வேண்டும்.

மூன்றாம்கிளை · ஜூன் 6, காலை 8:15

பூஸ்டிங்கோடு குழப்பியது என் தவறு, சரி. ஒரு கேள்வி. 0.19 என்றால் 0.5-க்கு வெகு கீழே இருக்கிறது. அப்படியானால் கடன் கொடுத்திருக்க வேண்டுமே?

வரவுசெலவு · ஜூன் 6, காலை 9:30

0.5 என்பது மென்பொருளின் பழக்கம். கடன் கொடுப்பவரின் கணக்கு வேறு. ஒழுங்காகக் கட்டும் கடனில் கிடைக்கும் லாபம் 1 என்றால், தவறிய கடனில் போவது 8 என்று வையுங்கள். தவறும் வாய்ப்பு p. கொடுப்பதில் லாபம் இருக்க வேண்டுமானால் 8p, (1 − p)-ஐவிடச் சிறியதாக இருக்க வேண்டும். அதாவது p, 1/9-க்குக் கீழே, சுமார் 0.11. அதனால்தான் 0.19 திருப்பப்பட்டது, 0.10 ஏற்கப்பட்டது.

புதுவேரின் தரவில் எல்லோருக்கும் கொடு என்று கண்ணை மூடிச் சொன்னாலே 80 சதவீதம் "சரி". அந்தச் சதவீதத்தை வைத்து எதையும் ஒப்பிட வேண்டாம்.

இலைநுனி · ஜூன் 6, காலை 10:10

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். இதோடு ஒரு கண்ணி. தவறியவர்கள் குறைவு என்று class_weight="balanced" போடுகிறவர்கள் உண்டு. போட்டால் தவறியவர்களின் எடை ஏறி, வெளிவரும் எண்ணும் மேலே தூக்கிக்கொள்ளும். அது இனி தவறும் வாய்ப்பு இல்லை. 1/9 எல்லையை அதன்மேல் வைத்தால் நல்ல விண்ணப்பங்களும் கொத்துக் கொத்தாகத் திரும்பும். ஒன்று எடையை விடுங்கள், அல்லது எல்லையைப் புதிதாகக் கண்டுபிடியுங்கள்.

நான் தொடங்கச் சொல்வது இது. y-ல் தவறியவர் 1, கட்டியவர் 0.

```python
from sklearn.ensemble import RandomForestClassifier

rf = RandomForestClassifier(
    n_estimators=500, max_features="sqrt",
    min_samples_leaf=8, oob_score=True, random_state=7)
rf.fit(X, y)
p = rf.oob_decision_function_[:, 1]
```

min_samples_leaf வழக்கமாக 1. 8 வைத்தால் இலையில் கிடைக்கும் பங்குக்கு ஓர் அர்த்தம் இருக்கும். கடைசி வரியில் வரும் p, ஒவ்வொரு கடனையும் அதைப் பார்க்காத மரங்கள் மட்டும் சேர்ந்து மதிப்பிட்டது. முன்பு சொன்ன, வெளியே நிற்கும் 73 இங்கே கைகொடுக்கிறது. 200 கடனில் தனியாகச் சோதனைக்கு ஒதுக்க மனம் வராதபோது இது பெரிய உதவி.

புதுவேர் · ஜூன் 7, இரவு 9:45

ஓட்டிப் பார்த்தேன். அழைப்பு எண்ணிக்கை இல்லாமல் 0.11 எல்லையில் 40 தவறியவர்களில் 31 பேர் பிடிபட்டார்கள். நல்லவர்களில் 52 பேரும் சேர்ந்து திருப்பப்பட்டார்கள். ஆசைக்கு அழைப்பு எண்ணிக்கையைச் சேர்த்து ஓட்டினேன். 39 பேர் பிடிபட்டார்கள், நல்லவர்களில் 6 பேர் மட்டும் திரும்பினார்கள். பார்க்காத மரங்கள்தானே மதிப்பிட்டன? அப்புறம் ஏன் எடுக்க வேண்டும்?

இலைநுனி · ஜூன் 8, காலை 7:30

அந்த அழைப்புகள் எப்போது போயின? தவணை நின்ற பிறகு. விண்ணப்பம் மேசைக்கு வரும் நாளில் எல்லோருக்கும் அது பூஜ்யம். புதிய விண்ணப்பதாரர் அத்தனை பேரும் "அழைப்பே தேவைப்படாத நல்லவர்" இலையில் போய் விழுவார்கள். காடு எல்லோருக்கும் கொடு என்று சொல்லும்.

பார்க்காத மரங்கள் இதைக் காட்டிக்கொடுக்காது. வெளியே நின்ற 73 கடனிலும் அதே விவரம் பின்னாளில் நிரப்பப்பட்டே இருக்கிறது. 500 மரமும் சேர்ந்து செய்யும் தப்பு என்று நான் சொன்னது இதுதான், சராசரியில் கரையாது. கண்டுபிடிக்கும் வழி: ஒரே விவரம் மற்ற எட்டையும் ஓரங்கட்டிவிட்டு முதலிடத்தில் நின்றால் சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு விவரத்துக்கும் அது எந்தத் தேதியில் பதிவானது என்று கேளுங்கள். கணக்கின் சராசரி இருப்பையும் பாருங்கள், அது விண்ணப்ப நாளின் இருப்பா, இன்றைய இருப்பா? பழைய கடன்களில் வளர்த்து, பின்னால் வந்த கடன்களில் சோதியுங்கள்.

புதுவேர் · ஜூன் 8, காலை 11:00

இருப்பு இன்றையது. பிடுங்கிவிட்டேன். பிடிபட்டவர்கள் 31-லிருந்து 28 ஆனார்கள்.

வரவுசெலவு · ஜூன் 8, மாலை 4:20

அந்த 28 நேர்மையான எண். அதை வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா மரமும் சேர்ந்து செய்யும் இன்னொரு தப்பு இருக்கிறது, என்னைப் பொறுத்தவரை அதுதான் பெரியது. இந்த 200-ம் யார்? ஏற்கெனவே ஓர் அதிகாரி சரி என்று சொல்லிக் கடன் வாங்கியவர்கள். திருப்பப்பட்டவர்கள் கட்டியிருப்பார்களா என்று எந்த வரியிலும் இல்லை. புதுவேர், உங்கள் தரவில் தவணைப் பங்கின் உச்சம் எவ்வளவு?

புதுவேர் · ஜூன் 8, மாலை 4:50

55.

வரவுசெலவு · ஜூன் 8, மாலை 5:30

அப்படியானால் 90 சதவீதப் பங்கோடு ஒருவர் வந்தாலும், மற்ற விவரங்கள் ஒன்றாக இருந்தால், 55-ல் இருப்பவருக்குச் சொன்ன அதே எண்ணைத்தான் காடு சொல்லும். மரத்தின் கடைசி வெட்டு 55-க்குள் எங்கோ இருக்கிறது, அதற்கு அப்பால் ஒரே இலை. மரத்துக்குக் கோட்டை நீட்டத் தெரியாது. 500 மரத்துக்கும் தெரியாது. 55-க்கு மேல் என்றால் மாதிரிக்கே அனுப்பாமல் ஆள் பார்க்கட்டும் என்று வெளியே ஒரு விதி வையுங்கள்.

மூன்றாம்கிளை · ஜூன் 8, இரவு 7:15

திருப்ப வேண்டிய விண்ணப்பங்களில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்துக் கடன் கொடுத்துப் பார்த்தால்? அந்தப் பக்கத்துத் தரவும் கிடைக்குமே.

வரவுசெலவு · ஜூன் 9, காலை 8:40

கிடைக்கும். இந்த முறை நீங்கள் சரி. ஆனால் தவறினால் அந்த மனிதரின் கடன் வரலாற்றில்தான் கறை விழும். நம் தரவுக்காக அவர் அதைச் சுமக்கலாமா? மிகச் சிறிய தொகையில் மட்டும் செய்யலாம் என்பது என் கட்சி. சிறிய தொகையில் கட்டியவர் பெரிய தொகையிலும் கட்டுவாரா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

கடைசிவரிசை · ஜூன் 9, காலை 9:55

திருப்பப்பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், சிறிய தொகை என்றால் நான் வாங்கிக்கொள்வேன். ஆனால் குலுக்கலில் வந்தது என்று முதலிலேயே சொல்லிவிட்டுத் தர வேண்டும்.

இலைநுனி · ஜூன் 9, மாலை 6:05

அதைச் சொல்லாமல் செய்யவே கூடாது.

புதுவேர், ஒன்று விட்டுப்போனது. 200 கடனும் 200 வெவ்வேறு ஆட்களுடையதா? ஒருவர் மூன்று தடவை வாங்கியிருந்தால் அவருடைய ஒரு கடன் மரத்துக்குள்ளேயும் இன்னொன்று வெளியே நிற்கும் 73-லும் இருக்கும். மரம் அந்த ஆளை அடையாளம் கண்டுகொள்ளும், 28 என்பதும் அப்போது கூடுதல்தான். ஆள் வாரியாகப் பிரிக்க GroupKFold இருக்கிறது.

புதுவேர் · ஜூன் 9, இரவு 8:30

163 ஆட்கள்.

மூன்று மட்ட மரத்தையும் காட்டையும் ஆள் வாரியாகப் பிரித்து ஓட்டினேன். அதே 0.11 எல்லை. காடு 40-ல் 26 பேரைப் பிடித்தது, மரம் 24. நல்லவர்களில் திருப்பப்பட்டவர்கள் காட்டில் 55, மரத்தில் 63.

வரவுசெலவு · ஜூன் 9, இரவு 8:50

தவறியவர்களே 40 பேர்தான். இரண்டு பேர் வித்தியாசத்தை நான் நம்பமாட்டேன். தாளில் ஒட்டக்கூடிய மரத்துக்கே என் ஓட்டு.

இலைநுனி · ஜூன் 9, இரவு 9:20

இரண்டு பேரை நானும் நம்பவில்லை. ஆனால் 8 நல்ல விண்ணப்பதாரர்கள் கூடுதலாகக் கடன் பெறுகிறார்கள் என்பதை விட்டுவிட மனம் வரவில்லை. குலுக்கலைத் தீர்மானிக்கும் random_state எண்ணையும் பிரிப்பையும் மாற்றி 20 தடவை ஓட்டிப் பாருங்கள். அந்த 8 எவ்வளவு ஆடுகிறது என்று தெரிந்த பிறகு பேசுவோம்.

புதுவேர் · ஜூன் 11, காலை 7:10

20 தடவை ஓட்டியாயிற்று. 17 தடவை காடு குறைவான நல்லவர்களைத் திருப்பியது, மூன்று தடவை மரம். வித்தியாசம் ஒருமுறை 13 வரை போனது, ஒருமுறை தலைகீழாக 4. பிடிபட்டவர்களின் எண்ணிக்கையில் எந்தப் பக்கமும் நிலையாக இல்லை. இப்போதைக்கு இரண்டையும் ஓட்டுகிறோம். இரண்டும் ஒத்துப்போனால் அப்படியே, முரண்பட்டால் கோப்பு கடன் அதிகாரியின் மேசைக்கு.